10 அடி வளைவுக்கு எத்தனை ஆப்புச் செங்கல்?

செங்கோட்டையில் இருந்து புளியரை வழியாக மலை ஏறி ஆரியங்காவு, தென்மலை என்று இறங்கும் பக்கத்தில் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு ஆசை பொதுவாக இருக்கும். பூசாத செங்கல் வேண்டும், முன் வராந்தாவில் ஒரு பெரிய ஆர்ச் வேண்டும். திருவனந்தபுரத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்த்து வந்த ஆசை பாதி, கழுதுருட்டியில் ரோட்டோரம் நிற்கும் பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்து வந்தது மீதி. பாலம் கருங்கல், வீடு செங்கல், ஆனால் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தப் பக்கம் நான் மேற்பார்வை பார்த்த முதல் ஆர்ச்சிலேயே எண்ணிக்கையில் சொதப்பினேன். 10 அடி அகலத் திறப்பு, நடுவில் 2 அடி ஏற்றம். உள்வளைவின் நீளத்தைக் கணக்குப் போட்டு, ஒரு செங்கல்லும் ஒரு ஜாயிண்டும் சேர்ந்து இத்தனை என்று வகுத்து, வரிசைக்கு 39 கல் போதும் என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் வெட்டாத கல்லாகவே வைத்துக்கொண்டு போனார். உள்பக்கம் ஜாயிண்ட் 3 நூல், பார்க்க அழகு. வெளிப்பக்கம் அதே ஜாயிண்ட் வாயைப் பிளந்து 6 நூல் ஆகிவிட்டது. (நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, கொத்தனாரும் ஆசாரியும் பேசும் அளவு.) "தம்பி, பூசுற சுவரா இருந்தா மறைஞ்சிரும், இது பூசாத சுவருல்லா?" என்றார் அவர். பிரித்துத்தான் கட்டினோம்.

தப்பு எங்கே என்றால், வளைவுக்கு நீளம் ஒன்று இல்லை, இரண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது உள்வளைவு. செங்கல் 9 இஞ்ச் நீளத்துக்கு நட்டமாக நிற்பதால், அதன் தலைகள் தொட்டுக்கொண்டு போவது வெளிவளைவு. வெளிவளைவு நீளம் கூடுதல், ஆனால் இரண்டிலும் இருக்கும் கல் எண்ணிக்கை ஒன்றே. அப்படியானால் அந்த அதிகப்படி நீளத்தை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று கலவை ஏற்கும், ஜாயிண்ட் மேலே விரியும். இல்லையென்றால் கல் ஏற்கும், அதாவது தலை தடித்து அடி மெலிந்த ஆப்பு வடிவமாக இருக்கும். ஆப்புச் செங்கல் கணக்கு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பங்கு போடுவதுதான்.

அதே 10 அடித் திறப்பையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் இஞ்சில்: அகலம் 120, ஏற்றம் 24. முதலில் வேண்டியது ஆரம், அதாவது இந்த வளைவை வரைய எவ்வளவு நீளக் கயிறு வேண்டும் என்பது. பாதி அகலம் 60. அறுபதை அறுபதால் பெருக்கினால் 3600. ஏற்றம் 24-ஆல் வகுத்தால் 150. அதோடு ஏற்றத்தைக் கூட்டினால் 174. பாதியாக்கினால் 87. அவ்வளவுதான், ஆரம் 87 இஞ்ச், 7 அடி 3 இஞ்ச். பள்ளிக்கூடத்தில் வட்டத்துக்குள் இரண்டு நாண் வெட்டிக்கொள்வது பற்றிப் படித்த பாடம்தான் இது.

87-இல் 24 போனால் 63. வளைவு தொடங்கும் மட்டத்தில் இருந்து 63 இஞ்ச், அதாவது 5 அடி 3 இஞ்ச் கீழே, திறப்பின் நட்டநடுவில் மையம் இருக்கிறது. எங்கள் வராந்தாவில் வளைவு தரையில் இருந்து 7 அடியில் தொடங்கியது, அதனால் மையம் தரைக்கு மேல் 1 அடி 9 இஞ்ச். அங்கே குறுக்காக ஒரு பலகை கட்டி, ஒரு ஆணி அடித்து, கயிற்றை மாட்டிவிட்டால் மேற்கொண்டு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தக் கயிறு பதில் சொல்லும். இந்த ஆணியை வேலை முடியும் வரை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதில் யாரோ சாப்பாட்டுத் தூக்கை மாட்டியிருந்தார்கள்.

அடுத்தது உள்வளைவு நீளம். கால்குலேட்டரில் கோணம் போட்டு எடுக்கலாம். இதில் மையத்தில் விரியும் மொத்தக் கோணம் 87.2 டிகிரி, நீளம் 132.4 இஞ்ச். கோணமெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி: ஏற்றத்தை ஏற்றத்தால் பெருக்கி, 8-ஆல் பெருக்கி, அகலத்தைப் போல் மூன்று மடங்கால் வகுத்து, வருவதை அகலத்தோடு கூட்டு. 24 × 24 × 8 = 4608. 360-ஆல் வகுத்தால் 12.8. 120-உடன் கூட்டினால் 132.8. அரை இஞ்ச் கூட வித்தியாசம் இல்லை. ஏற்றம் அகலத்தில் கால் பங்குக்குள் இருக்கும் வரை இது போதும், அரைவட்டத்துக்கு இதைப் போடாதீர்கள், நன்றாக ஏமாற்றும். எனக்குப் பிடித்த வழி மூன்றாவது ஒன்று: வளைவைத் தாங்க ஆசாரி மரத்தில் சென்ட்ரிங் செய்து முடித்ததும் அதன் முதுகில் டேப்பை வளைத்து வைத்து அளப்பது. காகிதத்தில் என்ன வந்தாலும் செங்கல் உட்காரப் போவது அந்த முதுகில்தானே.

வெளிவளைவுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். உள் ஆரம் 87, கல் 9 இஞ்ச், ஆக வெளி ஆரம் 96. 132.4-ஐ 96-ஆல் பெருக்கி 87-ஆல் வகுத்தால் 146.1 இஞ்ச். இரண்டுக்கும் வித்தியாசம் 13.7 இஞ்ச். பங்கு போட வேண்டிய சொத்து இதுதான்.

இப்போது எண்ணுவது. ஆப்புச் செங்கல் என்றால் வெளிவளைவில்தான் எண்ண வேண்டும், ஏனென்றால் கல்லின் முழுத் தடிமன் அங்கேதான் இருக்கிறது, அடியில் அதைக் குறைக்கப் போகிறோம். சேம்பர் செங்கல் 9 × 4¼ × 3 இஞ்ச் என்று வைத்துக்கொண்டால், 3 இஞ்ச் கல், 3 நூல் ஜாயிண்ட், சேர்ந்து 3.375. 146.1-ஐ அதால் வகுத்தால் 43.3. உச்சியில் நடுக்கல் ஒன்று வர வேண்டும் என்பதால் ஒற்றைப்படை எண்ணாக 43. மீதியை ஜாயிண்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம்: 43 கல் என்றால், இரண்டு முனைகளில் சுவரோடு சேரும் ஜாயிண்டையும் சேர்த்து ஜாயிண்ட் 44. கல் மட்டும் 129 இஞ்ச், மீதி 17.1 இஞ்சை 44-ஆல் வகுத்தால் 0.39 இஞ்ச், மூன்று நூலுக்கு ஒரு மயிரிழை மேலே. நன்றாக இருக்கிறது.

சீவ வேண்டியது எவ்வளவு? வித்தியாசம் 13.7-ஐ 43-ஆல் வகுத்தால் 0.32 இஞ்ச், இரண்டரை நூல். அதாவது தலையில் 3 இஞ்ச், அடியில் 2 இஞ்ச் 5½ நூல். இப்படிச் சீவினால் ஜாயிண்ட் மேலும் கீழும் ஒரே 3 நூல் ஓடும். கோணமாகச் சொன்னால் ஒரு கல்லுக்கு 2 டிகிரி. இது சின்னது என்பதால் கல்லின் ஒரு முகத்தை மட்டும் சீவினால் போதும், இரண்டு பக்கமும் சமமாகச் சீவ மெனக்கெட வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம் உண்மையாகச் சொல்ல வேண்டும். இந்த 10 அடி வளைவுக்குக் கல்லைச் சீவித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வெட்டாத கல்லாகவே வைக்கலாம், ஆனால் அப்போது உள்வளைவில் எண்ண வேண்டும், ஜாயிண்டையும் அங்கே 2 நூலுக்கு ஒடுக்க வேண்டும். 41 கல் வரும், உள்பக்கம் 2 நூலுக்குக் கொஞ்சம் குறைவு, வெளிப்பக்கம் நாலரை நூல். பூசும் சுவருக்கு இது தாராளம். நான் முதலில் செய்த தப்பு வெட்டாத கல் வைத்தது அல்ல, உள்ளே 3 நூல் விட்டுவிட்டு வெளியே என்ன ஆகும் என்று பார்க்காததுதான். ஆனால் ஆரம் சின்னதாகும்போது கதை மாறும். 3 அடி ஜன்னலுக்கு அரைவட்டம் என்றால் ஆரம் 18 இஞ்ச்தான், வெளி ஆரம் 27. வெட்டாத கல்லை உள்ளே 2 நூல் விட்டு வைத்தால் வெளியே ஜாயிண்ட் கிட்டத்தட்ட 1 இஞ்ச் 7 நூல் ஆகும். அது கலவையால் கட்டிய வளைவு, செங்கல் அலங்காரத்துக்கு. ஆகவே பெரிய திறப்புக்குத்தான் ஆப்புக்கல் கட்டாயம் என்று பலர் நினைப்பது தலைகீழ். பெரிய, சப்பையான வளைவு சாதாரணக் கல்லைப் பொறுத்துக்கொள்ளும், சின்ன வட்டம்தான் பொறுக்காது. பெரிய வளைவில் நாம் சீவுவது பூசாத முகத்தில் ஜாயிண்ட் ஒரே அளவாக ஓடுவதற்காக.

சரி, வரிசைக்கு 43. சுவர் 9 இஞ்ச் தடிமன், கல் அகலம் 4¼, ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கல் அக்கம்பக்கமாக நிற்கும். மொத்தம் 86. எல்லா வரிசையும் இப்படியே வைத்தால் சுவரின் நடுவில் நேர்க்கோடாக ஒரு ஜாயிண்ட் ஓடி, வளைவு இரண்டு மெல்லிய வளைவாகப் பிரிந்து நிற்கும். அதனால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கல்லைத் திருப்பி, 9 இஞ்ச் நீளம் சுவருக்குக் குறுக்கே போகும்படி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைப்பார்கள். அப்போதும் வரிசைக்கு இரண்டு கல்தான், 86 மாறாது. ஆனால் திருப்பிப் போடும் கல்லின் சீவல் வேறு: ஒவ்வொன்றும் 4¼ இஞ்ச் உயரம்தான் என்பதால் ஒரு நூலுக்குச் சற்று மேலே சீவினால் போதும், கீழ்க்கல் மேல்கல்லை விட மெலிசு. மூன்று விதச் சீவல் என்பதால் மூன்று குவியலாகப் பிரித்து அடுக்கி, சாக்பீஸில் குறி போட்டுவிடுங்கள். கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

வாங்கும்போது 86 வாங்காதீர்கள், 100 வாங்குங்கள். இரண்டரை நூலைக் கொத்தும் கரண்டியாலோ சுத்தியலாலோ தட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கல் குறுக்கே உடையும். கட்டிங் மெஷின்தான் வழி. நாங்கள் பலகையில் கல் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி அடித்தோம், பெட்டியின் விளிம்பே ஒரு முனையில் இரண்டரை நூல் இறக்கமாக இருக்கும், கல்லை உள்ளே வைத்து விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவினால் ஒவ்வொன்றும் ஒரே அச்சு. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தச் செந்தூசி மூன்று நாள் சளியில் வரும்.

இதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. 3 இஞ்ச் கல் என்று சூளைக்காரர் சொல்வது 3 இஞ்ச்சாக இருக்காது. பத்துக் கல்லை வரிசையாக ஒட்டி வைத்து டேப் போட்டு, பத்தால் வகுத்துப் பாருங்கள். 27½ இஞ்ச் வந்தால் உங்கள் கல் 2¾ இஞ்ச், 43 என்ற எண் 47 ஆகிவிடும். லோடு லோடாக அளவு மாறும் என்பதால் வளைவுக்கு வேண்டிய கல்லை ஒரே லோடில் எடுத்து ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

கலவைக் கணக்குக்குப் பலரும் ஒரு கட்டுக்கு இத்தனை சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். நம்மிடம் எல்லா அளவும் இருப்பதால் கழித்தே பார்த்துவிடலாம். உள்வளைவுக்கும் வெளிவளைவுக்கும் சராசரி 139.3 இஞ்ச். அதை 9 இஞ்ச் உயரம், 9 இஞ்ச் தடிமன் இரண்டாலும் பெருக்கினால் சுமார் 11,280 கன இஞ்ச். ஒரு கன அடிக்கு 1,728 கன இஞ்ச் என்று வகுத்தால் வளைவு மொத்தம் 6.5 கன அடி. சீவிய கல் ஒன்று 9 × 4¼ × சராசரி 2.84, ஏறக்குறைய 108.6 கன இஞ்ச். 86 கல்லுக்கு 5.4 கன அடி. கழித்தால் கலவை 1.1 கன அடி. திருப்பிப் போடும் வரிசையால் கொஞ்சம் முன்பின் வரும், அதை விட்டுவிடலாம்.

இது சுவரில் உட்காரும் ஈரக் கலவை. கல்லின் குழியில் நிறைவது, சென்ட்ரிங் முதுகில் வழிந்து கீழே விழுவது எல்லாவற்றுக்கும் கால் பங்கு சேர்த்தால் 1.4 கன அடி. காய்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் அமுங்கும் என்பதால் உலர்ந்த அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 1.9 கன அடிக்குக் கொஞ்சம் கீழே. 1-க்கு 4 கலவையில் ஐந்தில் ஒரு பங்கு சிமெண்ட், அதாவது 0.37 கன அடி. ஒரு மூட்டை 1¼ கன அடி, ஆகவே மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, 15 கிலோ. மணல் ஒன்றரை கன அடி. இவ்வளவு கொஞ்சமா என்று எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. வளைவுக்குக் கலவை குறைவாகத்தான் பிடிக்கும், நிறையப் பிடித்தால் ஜாயிண்ட் எங்கோ விரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாதி வேலையிலேயே இந்த அளவு தீர்ந்துவிட்டால் இறங்கி வந்து ஜாயிண்டை அளந்து பாருங்கள்.

கட்டும்போது எண்ணிக்கை கைநழுவாமல் இருக்க ஒரே வழி, கல் வைப்பதற்கு முன்பே சென்ட்ரிங் முதுகில் பென்சிலால் 43 பங்கு போட்டுவிடுவது. ஒரு பங்கு 3 இஞ்சும் அரை நூலுக்குச் சற்று மேலும் வருகிறது, அதை 43 தடவை டேப்பில் வைத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு இஞ்ச் காணாமல் போகும். உச்சிக் கோட்டில் இருந்து தொடங்கி, பத்துப் பங்குக்கு 30 இஞ்ச் 6 நூல் என்று பெரிய குறி முதலில் போட்டு, அப்புறம் நடுவில் பிரியுங்கள். நடுக்கல்லின் நடுவும் உச்சிக் கோடும் ஒன்றாக வர வேண்டும். கல்லை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் சென்ட்ரிங் மறுபக்கம் சாயும். ஒவ்வொரு கல்லிலும் மைய ஆணியில் இருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தால் ஜாயிண்ட் கயிற்றோடு ஒட்டி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கல் சீவல் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது குவியல் மாறிவிட்டது.

முதல் கல் உட்காரும் இடத்தில் சுவர் தட்டையாக இருந்தால் இதெல்லாம் வீண். அந்த முகமும் கயிற்றின் கோட்டிலேயே சாய்ந்திருக்க வேண்டும். நம் கணக்கில் அது திறப்பின் ஓரத்தில் இருந்து சுவருக்குள் 6¼ இஞ்ச் போய், 6½ இஞ்ச் ஏறும் சாய்வு. அவசரத்தில் தட்டைச் சுவர் மேல் ஒரு கை கலவையை அள்ளிப் போட்டுச் சாய்வாகத் தடவி, அதன் மேல் வளைவைத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். வளைவு பக்கவாட்டில் தள்ளும் மொத்தத் தள்ளும் விழும் இடம் அது. அங்கே கல்லை வெட்டி வையுங்கள், அல்லது கான்கிரீட் போட்டு விடுங்கள்.

அந்தத் தள்ளு எவ்வளவு என்று ஒரு உத்தேசம். வளைவும் அதன் மேல் சுவரும் சேர்ந்து அடிக்கு 140 கிலோ என்று வையுங்கள். அதை 10 அடியின் வர்க்கம் நூறால் பெருக்கி, ஏற்றம் 2 அடியைப் போல் எட்டு மடங்கான 16-ஆல் வகுத்தால் 875 கிலோ. இவ்வளவு பாரம் ஒவ்வொரு பக்கத் தூணையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தை 1 அடியாகக் குறைத்தால் கல்லைச் சீவுவது ஒன்றரை நூலாகக் குறைந்து வேலை எளிதாகிறது, ஆனால் இந்தத் தள்ளு 1,750 கிலோ ஆகிவிடும். அதனால்தான் வராந்தா மூலையில் ஒற்றைத் தூண் மேல் சப்பை வளைவு கேட்பவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். மேலே மாடிச் சுவரோ ஸ்லாபோ உட்காரப் போகிறது என்றால் இந்த உத்தேசம் போதாது, இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும்.

சென்ட்ரிங்கை 14 நாள் விட்டு, அதன் கால்களுக்குக் கீழே செருகியிருக்கும் மர ஆப்புகளை இரண்டு பக்கமும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், ஒரேயடியாகத் தட்டிவிடக் கூடாது. தளர்த்துவதற்கு முன்பு வளைவு தொடங்கும் மட்டத்தில் அகலத்தை அளந்து சுவரில் எழுதி வைப்பேன். ஆப்பு அரை இஞ்ச் இறங்கியதும் மறுபடி அளவு. 120 இஞ்ச் 120-ஆகவே நின்றால் மறுநாள் மீதியை எடுக்கலாம். 120 இஞ்ச் 2 நூல் என்று காட்டி, உச்சியில் நடுக்கல்லின் அடிப்பக்க ஜாயிண்டில் மயிரிழை விரிசலும் தெரிந்தால் தூண் விலகுகிறது: ஆப்பை அப்படியே திருப்பி அடித்து ஏற்றிவிட்டு, தூணுக்கு முட்டு கொடுக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.